வயலில் மிஞ்சும் பிளாஸ்டிக்: மல்ச்சிங் ஷீட்டும் மருந்து டப்பாவும்

சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மேட்டுநிலத்தில் பலமநேர், வி.கோட்டா, குப்பம், புங்கனூர் வட்டாரங்கள் காய்கறிக்குப் பேர்போனவை. 2022ஆம் ஆண்டு மாவட்டப் பிரிவினைக்கு முன் சித்தூரோடு இருந்த மதனப்பள்ளி, நாடறிந்த தக்காளிச் சந்தை. இந்தப் பகுதியில் தக்காளி, குடைமிளகாய், தர்ப்பூசணி பயிரிடும் பல வயல்களில் மேட்டுப்பாத்திகளின் மேல் மேல்புறம் வெள்ளி நிறமும் அடிப்புறம் கறுப்பு நிறமும் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு போடப்படுகிறது. விவசாயிகள் இதை மல்ச்சிங் ஷீட் என்பார்கள். வேளாண் நூல்கள் நிலப்போர்வை என்கின்றன. கறுப்பு நிறம் வெளிச்சத்தைத் தடுப்பதால் களை முளைப்பதில்லை. வெள்ளி நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பி மண்ணின் சூட்டைக் குறைக்கிறது; இலைப்பேன், வெள்ளை ஈ போன்ற பூச்சிகளையும் ஓரளவு விலக்குகிறது. ஷீட்டின் அடியில் ஓடும் சொட்டுநீர்க் குழாயிலிருந்து விழும் ஈரம் ஆவியாகாமல் வேரருகே நிற்கிறது.

குப்பத்தில் 1990களில் இஸ்ரேலிய நுட்பத்தோடு நடத்தப்பட்ட செயல்விளக்கப் பண்ணைகளும், 2003இல் தொடங்கிய ஆந்திர நுண்ணீர்ப் பாசனத் திட்டமும் சொட்டுநீரை இங்கே பரப்பின. ஷீட் அதன் பின்னால் வந்தது. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சித் திட்டம் 2014இல் ஷீட் விரிக்க எக்டேருக்கு 32,000 ரூபாய் செலவு எனக் கணக்கிட்டு, அதில் பாதியை மானியமாக வைத்தது. அந்தக் கணக்கு விரிப்பதோடு முடிந்துவிடுகிறது. அறுவடைக்குப் பிறகு ஷீட்டை அகற்றும் வேலை விவசாயியின் தலையில் தங்கிவிடுகிறது.

அதே வயலின் வரப்போரத்தில் இன்னொரு பிளாஸ்டிக்கும் சேர்கிறது. அது பூச்சிமருந்து, பூஞ்சாண மருந்து, களைக்கொல்லி வந்த காலி பாட்டில். ஷீட்டும் பெரும்பாலான மருந்து பாட்டில்களும் ஒரே குடும்பப் பொருள்தான். ஷீட் செய்யப்படுவது குறையடர்த்தி பாலிஎத்திலீனால். பாட்டில் செய்யப்படுவது மிகையடர்த்தி பாலிஎத்திலீனால். இரண்டையும் உருக்கி மறுபடி வார்க்க முடியும். அதைத் தடுப்பவை இரண்டு வெவ்வேறு அழுக்குகள். ஷீட்டில் ஒட்டியிருப்பது மண். பாட்டிலில் ஒட்டியிருப்பது நஞ்சு. மண்ணை நீக்குவது ஷீட்டை எடுக்கும் நாளின் வேலை. நஞ்சை நீக்குவது மருந்து கலக்கும் அந்தச் சில நிமிடங்களின் வேலை. இரண்டும் வயலிலேயே முடியவேண்டியவை. அந்தத் தருணம் தவறிவிட்டால் பிறகு எந்தச் சேகரிப்பு மையமும் அதை எளிதில் ஈடுகட்ட முடியாது.

ஒரு ஏக்கரில் எவ்வளவு ஷீட்?

காய்கறிக்குப் பரவலாகப் பயன்படும் ஷீட் 25 மைக்ரான் கனமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்டது. 400 மீட்டர் சுருளாக வரும். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். பாத்திக்குப் பாத்தி 1.5 மீட்டர் இடைவெளி விட்டால், ஏக்கரில் பாத்திகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 2,700 மீட்டர் வரும். அதை மூட ஏழு சுருள்கள் வேண்டும். விரிந்த ஷீட்டின் பரப்பு 3,240 சதுர மீட்டர். அதன் எடையைக் கனத்தையும் பொருளின் அடர்த்தியையும் கொண்டு கணக்கிட்டால் சுமார் 75 கிலோ.

இந்த 75 கிலோவில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதே முதல் கேள்வி. கவனமில்லாமல் எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு கிழிந்து மண்ணில் தங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். அது 7.5 கிலோ. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அது 324 சதுர மீட்டர் பிளாஸ்டிக், ஆயிரக்கணக்கான துண்டுகளாக. அப்படியே நான்கு முறை விரித்து எடுத்தால் ஏக்கரில் 30 கிலோ சேர்ந்துவிடும். எக்டேர் கணக்கில் ஏறக்குறைய 75 கிலோ. சீனா தன் விளைநிலங்களின் மண்ணில் தங்கும் ஷீட் துண்டுகளுக்கு 2010இல் வகுத்த உச்ச வரம்பும் எக்டேருக்கு 75 கிலோதான். ஆண்டுக்கு இருமுறை புது ஷீட் விரிக்கும் வயல் இரண்டே ஆண்டில் அந்த வரம்பைத் தொட்டுவிடும்.

சீனா இந்த வரம்பை வகுக்க நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உலகிலேயே அதிகமாக மல்ச்சிங் ஷீட் பயன்படுத்தும் நாடு அது. அங்கே பல ஆண்டுகள் 8 மைக்ரான் கனமுள்ள, சில இடங்களில் அதைவிடவும் மெல்லிய ஷீட் விரிக்கப்பட்டது. விலை குறைவு என்பதால் வேகமாகப் பரவியது. எடுக்கும்போது கையோடு கிழிந்ததால் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கியது. ஷின்ஜியாங் பருத்தி வயல்களில் தேக்கம் எக்டேருக்கு 200 கிலோவைத் தாண்டியது. அங்கே இதற்கு வெள்ளை மாசு என்றே பெயர் வந்தது. 2018 மே முதல் அமலுக்கு வந்த தரநிர்ணயம் குறைந்தபட்சக் கனத்தை 10 மைக்ரானாக உயர்த்தியது.

மண்ணில் தங்கிய துண்டு பல வகையில் பயிரைத் தடுக்கிறது. மழைநீரும் பாசனநீரும் நேராக இறங்காமல் துண்டைச் சுற்றி வழிகின்றன. வேர் நுனி அதில் மோதித் திரும்புகிறது. விதை ஒரு துண்டின்மேல் விழுந்தால் அதற்கு அடியில் ஈரம் இருந்தும் கிடைப்பதில்லை. காற்றில் பறந்த துண்டுகளை மாடுகள் தீவனத்தோடு விழுங்குகின்றன. அவை இரைப்பையில் செரிக்காமல் திரண்டு அடைக்கின்றன. மழை சில துண்டுகளை ஓடைக்கும் ஏரிக்கும் இழுத்துச் செல்கிறது. குப்பம் பகுதியின் ஓடைநீர் பாலாற்றில் சேர்ந்து, எல்லை தாண்டி வாணியம்பாடிப் பக்கம் இறங்குகிறது. திருப்பதி மாவட்டத்தின் ஒரு பகுதி நீர் சுவர்ணமுகியில் கலந்து கிழக்கே கடலை நோக்கிப் போகிறது.

ஷீட் ஏன் நொறுங்குகிறது?

புது ஷீட்டை இரு விரல்களில் பிடித்து இழுத்தால் அது நீண்டு, மெலிந்து, பிறகுதான் கிழியும். நெடிய மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்வதால் அந்த நெகிழ்ச்சி வருகிறது. வெயிலின் புறஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து அந்தச் சங்கிலிகளை ஆங்காங்கே வெட்டுகின்றன. சங்கிலி குட்டையாகும்போது ஷீட் நீளும் தன்மையை இழந்து காய்ந்த சருகு போல நொறுங்கத் தொடங்குகிறது. கறுப்பு அடுக்கில் உள்ள கரித்தூளும், தயாரிப்பில் சேர்க்கும் புறஊதாத் தடுப்பானும் இதைத் தாமதப்படுத்துகின்றன. கந்தகம், குளோரின் அடங்கிய மருந்துகள் அந்தத் தடுப்பானைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எனவே கந்தகத் தூள் அடிக்கடி தெளித்த வயலில் ஷீட் எதிர்பார்த்ததற்கு முன்பே தளர்ந்துபோகலாம்.

ஒரே ஷீட்டின் எல்லா இடமும் ஒரே அளவில் தளர்வதில்லை. மண்ணுக்குள் புதைந்த விளிம்பு வெயில் படாததால் வலுவாகவே இருக்கும். இலைகளின் நிழலில் இருந்த நடுப்பகுதியும் ஓரளவு தாங்கும். விளிம்பு மண்ணை விட்டு வெளியேறும் கோடும் பாத்தியின் திறந்த சரிவும்தான் முதலில் பலவீனமாகின்றன. இழுக்கும்போது ஷீட் அந்தக் கோட்டில் அறுந்து, புதைந்த விளிம்பு முழுதும் மண்ணுக்குள் நின்றுவிடுவது இதனால்தான். வயலில் தங்கும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு இப்படி விடுபட்ட விளிம்புகள்.

விலையைக் குறைக்க 15 மைக்ரான் ஷீட் வாங்குவோரும் உண்டு. ஏக்கருக்கு 75 கிலோவுக்குப் பதில் 45 கிலோ போதும் என்பதால் செலவு குறையும். ஆனால் நான்கைந்து மாதத் தக்காளி முடிந்து அதே ஓட்டைகளில் பீன்ஸோ பீர்க்கனோ நட்டு இரண்டாம் பயிரும் எடுத்தால், மெல்லிய ஷீட் கடைசியில் முழுதாக வராது. இரண்டாம் பயிருக்கு அதே ஷீட்டை வைத்துக்கொள்வது நல்ல சிக்கனம்தான். அதைத் தீர்மானிக்கும் முன் பாத்தியின் சரிவில் நான்கைந்து இடங்களில் விரலால் இழுத்துப் பார்ப்பது நல்லது. நீண்டால் இன்னொரு பயிரைத் தாங்கும். சட்டென்று விரிசல் விட்டால் அப்போதே எடுத்துவிடவேண்டும். இன்னும் இரண்டு மாதம் வெயிலில் கிடந்தால் அதை எடுக்கவே முடியாது.

ஷீட்டை எடுக்கும் முறை

கடைசிப் பறிப்பு முடிந்ததும் சொட்டுநீரை நிறுத்தி மண்ணைக் காயவிடவேண்டும். ஈரமான செம்மண் ஷீட்டோடு அப்பிக்கொண்டு வரும்; மிகவும் இறுகிக் காய்ந்தால் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும். கையில் பிடித்தால் உதிரும் பதமே சரியான பதம். செடிகளை வேரோடு பிடுங்கினால் வேர்க்கட்டி ஓட்டையில் சிக்கி ஷீட்டைக் கிழிக்கும். எனவே தண்டைத் தரையோடு அறுத்துவிட்டு, வேரை மண்ணிலேயே விடுவது நல்லது. பிறகு தக்காளிக்கு நட்ட கம்புகள், கம்பி, கட்டுக்கயிறு ஆகியவற்றை அகற்றவேண்டும். பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். அது ஷீட்டோடு கலந்தால் உருக்கும்போது தரம் கெடும். அதன்பின் சொட்டுநீர்க் குழாய்களை ஒரு முனையிலிருந்து இழுத்துச் சுருட்டி எடுக்கவேண்டும்.

அடுத்த வேலைதான் முக்கியம். பாத்தியின் இருபுறமும் புதைந்த விளிம்பை மண்வெட்டியால் அல்லது டிராக்டரின் கொத்துக் கலப்பையால் அடியிலிருந்து நெம்பித் தளர்த்தவேண்டும். கொழு ஷீட்டின் மேல் படாமல் விளிம்புக்கு வெளியே, சற்று ஆழத்தில் போகவேண்டும். விளிம்பு விடுபட்ட பிறகு இருவர் இரு ஓரத்தையும் பிடித்து, பாத்தியின் நீளவாக்கில் மெதுவாகத் தூக்கியபடி நகர்ந்தால் ஷீட் முழுத் துண்டாக வரும். பக்கவாட்டில் இழுத்தால் நடவு ஓட்டையிலிருந்து கிழிசல் ஓடும். எடுத்த ஷீட்டை வரப்பில் விரித்துக் காயவைத்து உதறியபின் சுருட்டவேண்டும். சுருட்டிய பிறகு மண்ணை உதறுவது நடக்காத காரியம்.

எல்லாத் தவறுகளிலும் பெரியது, ஷீட் இருக்கும்போதே ரோட்டவேட்டர் ஓட்டுவது. அடுத்த நடவுக்கு அவசரப்படும்போது இது நடக்கிறது. சுழலும் கத்திகள் ஷீட்டை விரல் அளவுத் துண்டுகளாக்கி, உழவாழம் முழுதும் கலந்துவிடும். பிறகு அவற்றைப் பொறுக்கி எடுக்க எந்தக் கூலியும் போதாது. ஷீட்டை எடுத்த பிறகும் முதல் உழவை ரோட்டவேட்டரால் ஓட்டாமல் கொத்துக் கலப்பையால் ஓட்டினால், விடுபட்ட விளிம்புகள் கொழுவில் சிக்கி மேலே வரும். பின்னாலேயே நடந்து அவற்றைப் பொறுக்கலாம்.

வேலை எவ்வளவு சுத்தமாக நடந்தது என்பதை அளந்தறியலாம். வயலில் ஐந்து இடங்களில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் குறித்து, 20 சென்டிமீட்டர் ஆழம்வரை மண்ணைத் தோண்டிச் சல்லடையில் சலித்து, கிடைக்கும் துண்டுகளைக் கழுவிக் காயவைத்து எடை போடவேண்டும். ஒரு சதுர மீட்டரில் சராசரியாக 7.5 கிராம் இருந்தால் அது எக்டேருக்கு 75 கிலோ. சிறு தராசு போதும்.

மண்ணோடு வரும் ஷீட்டின் கணக்கு

எடுத்த ஷீட் மறுசுழற்சி ஆலைக்குப் போனால், அங்கே துண்டாக்கிக் கழுவி, காயவைத்து, உருக்கி, குருணையாக்குகிறார்கள். வெள்ளியும் கறுப்பும் கலந்து சாம்பல் நிறக் குருணை வருவதால் அடர்நிறக் குழாய், குப்பைப் பை போன்றவற்றுக்கே அது பயன்படும். மண் இங்கேதான் சிக்கலாகிறது. அது வெட்டும் கத்தியை மழுக்குகிறது, கழுவும் தொட்டியில் சேறாகத் தேங்குகிறது, நுண்மணலாக உருகலில் கலந்து வடிகட்டியை அடைக்கிறது. சிலவேளை எடுத்த ஷீட்டின் எடையில் பாதிக்கு மேலும் மண்ணாகவே இருக்கும். பழைய பொருள் வியாபாரி சொட்டுநீர்க் குழாயை வாங்கிக்கொண்டு ஷீட்டை மறுப்பதன் காரணம் இதுதான்.

நூறு ஏக்கரில் ஷீட் விரிக்கும் ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். சுத்தமான ஷீட்டின் எடை 7.5 டன். பாதிக்குப் பாதி மண்ணோடு எடுத்தால் ஏற்றவேண்டியது 15 டன். நன்றாக உதறி மண்ணை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் ஏறக்குறைய 9.4 டன். வித்தியாசமான 5.6 டன்னும் வயலின் மேல்மண். வாடகை கொடுத்து அந்த வளமான மண்ணை ஆலைக்கு அனுப்பி, அங்கே அதைச் சேறாக்கிக் கொட்டுவதில் யாருக்கும் பயனில்லை.

மண்ணின் பங்கை அறிய எளிய சோதனை போதும். கட்டிலிருந்து ஒரு கிலோ ஷீட்டை எடுத்து நன்கு கழுவி, முழுதாகக் காயவைத்து மறுபடி எடை போடவேண்டும். 800 கிராம் நின்றால் மண் ஐந்தில் ஒரு பங்கு. 500 கிராம் நின்றால் பாதி. இந்த எண்ணை வைத்துத்தான் ஆலையோடும் வியாபாரியோடும் விலை பேசவேண்டும். உதறிய ஷீட்டுக்கும் உதறாத ஷீட்டுக்கும் ஒரே விலை கொடுத்தால் யாரும் உதறமாட்டார்கள்.

பாட்டிலும் மூன்று அலசலும்

மருந்து பாட்டிலின் கணக்கு வேறு. ஒரு லிட்டர் பாட்டிலைக் கலவை டிரம்மில் கவிழ்த்து, ஓட்டம் நின்ற பிறகும் அரை நிமிடம் பிடித்திருந்தாலும், சுவரிலும் மூலையிலும் பிடியின் உட்குழியிலும் கொஞ்சம் மருந்து ஒட்டி நிற்கும். அது 10 மில்லி என்று கொள்வோம். கெட்டியான மருந்தானால் இன்னும் கூடும். இதை நீக்க உலக உணவு வேளாண் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பது மூன்றுமுறை அலசல். பாட்டிலில் கால் பங்கு நீர் ஊற்றி, மூடி, எல்லாப் பக்கமும் படும்படி குலுக்கி, அந்த நீரை டிரம்மிலேயே ஊற்றி வடியவிடவேண்டும். இதையே மூன்று முறை செய்யவேண்டும்.

ஒவ்வோர் அலசலிலும் 250 மில்லி நீர் 10 மில்லி மிச்சத்தோடு கலந்து 260 மில்லியாகிறது. ஊற்றிய பின் அதில் 10 மில்லி மட்டும் தங்கும். அதாவது மருந்து 26இல் ஒரு பங்காகக் குறைகிறது. மூன்று முறை செய்தால் 26ஐ மூன்று முறை பெருக்கியதால் வரும் 17,576இல் ஒரு பங்கு. அதே 750 மில்லி நீரை ஒரே தடவையாக ஊற்றி அலசினால் 76இல் ஒரு பங்குதான். நீர் ஒன்றே, உழைப்பில் சிறு வித்தியாசம். விளைவோ 200 மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

இதை வயலில் தெளிக்கும் கலவையோடு ஒப்பிடலாம். லிட்டர் நீருக்கு 2 மில்லி மருந்து என்றால் கலவையின் செறிவு 0.2 சதவீதம். ஒரே தடவை அலசிய பாட்டிலில் நிற்கும் துளியின் செறிவு 1.3 சதவீதம், தெளிப்புக் கலவையைவிட ஆறு மடங்குக்கு மேல் காரமானது. மூன்று முறை அலசிய பாட்டிலின் துளி, தெளிப்புக் கலவையைவிட சுமார் 35 மடங்கு நீர்த்தது. இந்த வேறுபாட்டால்தான், முறையாக மூன்று முறை அலசிய பாட்டிலை அபாயமற்ற கழிவாகக் கருதலாம் என்று அந்த இரு நிறுவனங்களின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அலசாத பாட்டில் அபாயக் கழிவு. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளிலும் அபாய வேதிப்பொருள் படிந்த காலிக் கலங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன.

அலசும் நீர் முழுதும் டிரம்மில் போவதால் மருந்தும் வீணாவதில்லை. 10 மில்லி என்பது ஒரு லிட்டரில் நூற்றில் ஒரு பங்கு. அது பயிருக்கே போய்ச்சேருகிறது. டிரம்மில் முதலிலேயே நீரை முழுதாக நிரப்பிவிட்டால் அலசல் நீருக்கு இடமிருக்காது. ஆகவே சில லிட்டர் குறைவாக நிரப்பி, அலசல் முடிந்த பிறகு மீதி நீரை ஊற்றவேண்டும். மருந்து கலந்த கையோடு அலசவேண்டும். மாலைவரை வெயிலில் கிடந்தால் மருந்து சுவரில் காய்ந்து ஒட்டிவிடும், பிறகு நீர் அதைக் கரைக்காது. கையுறை அணிந்தே செய்யவேண்டும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ அலசுவது, பாட்டிலைச் சுத்தமாக்கி நீரை நஞ்சாக்குவதில் முடியும்.

மூன்றாம் அலசலுக்குப் பின் பாட்டிலின் அடியில் ஆணியாலோ கத்தியாலோ ஓட்டை போடவேண்டும். மண்ணெண்ணெய், எண்ணெய், குடிநீர் என்று எதற்கும் அந்தப் பாட்டில் மறுபடி பயன்படாமல் தடுப்பதற்கே இது. எத்தனை முறை அலசினாலும் அது உணவுக்கோ நீருக்கோ ஏற்றதாகாது. மருந்தோடு வரும் கரைப்பானும் மருந்தும் பிளாஸ்டிக் சுவருக்குள்ளேயே சிறிதளவு ஊறியிருக்கும். இதே காரணத்தால் இந்தப் பிளாஸ்டிக்கை உருக்கிக் குடிநீர்க் குழாய், பொம்மை, உணவுக் கலம் செய்யக்கூடாது. மின்கம்பி செல்லும் உறைக்குழாய் போன்ற மனிதத் தொடர்பு குறைந்த பொருள்களுக்கே பயன்படுத்தவேண்டும்.

அலசியதா என்று பெறுபவர் பார்த்தறியலாம். வெளிச்சத்தில் பிடித்தால் உட்சுவரில் வெள்ளைப் படலமோ வண்ணக் கோடோ தெரியக்கூடாது. மூடியின் மரையிலும் கழுத்திலும் காய்ந்த படிவு இருக்கக்கூடாது. முகர்ந்து பார்ப்பது ஆபத்து. அதைச் செய்யவே கூடாது. மூடிகள் வேறு பிளாஸ்டிக் என்பதால் தனிப் பையில் போடவேண்டும். தூள் மருந்து வரும் பல அடுக்குப் பொட்டலங்கள் இந்த முறையில் சுத்தமாவதில்லை. பாலிஎத்திலீன், அலுமினியம், பாலியெஸ்டர் சேர்ந்த அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வதும் கடினம். அவற்றை அலசாத பாட்டில்களோடு சேர்த்து அபாயக் கழிவாகத் தனியே பூட்டிவைக்கவேண்டும்.

எரிப்பதும் புதைப்பதும்

சேர்ந்த பிளாஸ்டிக்கை வரப்போரத்தில் கொளுத்துவது பழகிய வழி. திறந்த தீயில் சூடும் காற்றும் போதாமல் பாலிஎத்திலீன் முழுதாக எரிவதில்லை. கரும்புகையோடு புற்றுநோய் உண்டாக்கவல்ல பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் எழுகின்றன. மருந்து மிச்சம் ஆவியாகி எரிப்பவரின் மூச்சில் போகிறது. அதில் குளோரின் இருந்தால் டயாக்சின்களும் உருவாகலாம். மண் ஒட்டிய ஷீட்டோ பாதி எரிந்து உருகிக் கட்டியாகி நிலத்திலேயே கிடக்கிறது.

புதைப்பதற்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. பூச்சிக்கொல்லி விதிகள் 1971இன் 44ஆம் விதி, பயன்படுத்திய கலங்களை வெளியே விடக்கூடாது, அவற்றை உடைத்துக் குடியிருப்பிலிருந்து தள்ளிப் புதைக்கவேண்டும் என்கிறது. மறுபயன்பாட்டைத் தடுப்பதுதான் அன்றைய நோக்கம். ஆனால் அலசாத பாட்டிலைப் புதைத்தால் மருந்து மெல்ல மண்ணில் கசியும். ஆழ்துளைக் கிணறுகளை நம்பி விவசாயம் நடக்கும் சித்தூர் போன்ற பாறைநிலத்தில் விரிசல்கள் வழியே அது நிலத்தடி நீரை எட்ட வாய்ப்புண்டு. அலசிய பாட்டிலைப் புதைப்பதில் நஞ்சு குறைவு. ஆனால் மறுபடி பயன்படும் பிளாஸ்டிக் மண்ணுக்குள் போகிறது.

மறுசுழற்சிக்கு ஏற்காத ஷீட்டுக்கு மிஞ்சும் வழி சிமெண்ட் சூளை. அங்கே மூலப்பொருள் 1,400 டிகிரிக்கு மேல் சூடாகிறது; தீயின் வாயு அதைவிடவும் சூடு. எரிபொருளோடு பிளாஸ்டிக்கைச் சேர்த்து எரித்தால் அது முழுதாகச் சிதைகிறது, சாம்பலும் சிமெண்டில் சேர்ந்துவிடுகிறது. சித்தூருக்கு வடக்கே கடப்பா மாவட்டத்தின் எர்ரகுண்ட்லா வட்டாரம் சிமெண்ட் ஆலைகள் நிறைந்தது. சூளைக்கும் மண்ணும் ஈரமும் குறைந்த ஷீட்தான் வேண்டும். அலசாத கலங்களும் பொட்டலங்களும் அங்கீகாரம் பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்கே போகவேண்டும். ஆந்திரத்தில் அத்தகைய நிலையம் உள்ள பரவாடா, விசாகப்பட்டினத்தை அடுத்தது. திருப்பதியிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர். ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று முறை அலசுவது, அந்தத் தொலைவுக்கு ஏற்றவேண்டிய சுமையைக் குறைக்கும் வேலையும்கூட.

யார் திரும்பப் பெறுவது?

பாட்டிலுக்கு இதை நடத்திக்காட்டிய நாடு பிரேசில். 2000ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமையைப் பிரித்துக் கொடுத்தது. விவசாயி பாட்டிலை அலசி, வாங்கிய ஓராண்டுக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். விற்பனையாளர் எங்கே திருப்பித் தரவேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதவேண்டும். அங்கிருந்து எடுத்துப்போய் மறுசுழற்சி செய்வது உற்பத்தியாளரின் பொறுப்பு. உற்பத்தியாளர்கள் சேர்ந்து நிறுவிய இன்பெவ் என்ற அமைப்பு 2002 முதல் இதை நடத்துகிறது. மருந்தை நேரடியாகத் தொடும் பிளாஸ்டிக் கலங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வருகின்றன. மருந்து விற்கும் கடை வழியாகவே காலி பாட்டிலும் திரும்புவதுதான் இதன் அடிப்படை. எந்தக் கிராமத்துக்கு எந்த மருந்து எவ்வளவு போனது என்ற கணக்கு அந்தக் கடையில்தான் இருக்கிறது.

இந்தியாவில் 2022இல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்கள் பிளாஸ்டிக் பொதியுறைகளைப் பற்றியவை. மருந்து பாட்டில் ஒரு பொதியுறை. மல்ச்சிங் ஷீட் அப்படியல்ல. அதுவே விற்கப்படும் பொருள். ஆகவே பாட்டிலுக்கு உற்பத்தியாளரைக் கேட்க இடமிருக்கிறது. ஷீட்டுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. ஷீட்டைப் பொறுத்தவரை அரசின் கையில் நேரடியாக இருக்கும் கருவி மானியம். எடுத்த ஷீட்டை எடைபோட்டுத் தந்த பிறகே மானியத்தின் ஒரு பகுதியை விடுவிப்பதென்றால், ஏக்கருக்கு 75 கிலோ என்ற கணக்கு உடனே சரிபார்க்க உதவும். மண்ணின் பங்கைக் கழித்து 70 கிலோ வந்தால் வயல் ஏறக்குறைய சுத்தம். 50 கிலோ வந்தால் 25 கிலோ நிலத்தில் கிடக்கிறது.

ஊர்ச் சேகரிப்பு மையத்துக்குக் கூரை, சிமெண்ட் தளம், பூட்டு, தராசு ஆகியவை போதும். ஷீட்டும் பாட்டிலும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. கசியும் ஒரு பாட்டில் நூறு கிலோ ஷீட்டை அபாயக் கழிவாக்கிவிடும். அலசிய பாட்டில், மூடி, அலசாத கலமும் பொட்டலமும் என மூன்று பைகள் தனித்தனியே வேண்டும். ஷீட் இலேசானது, கட்டாமல் ஏற்றினால் எடை ஏறும் முன் வண்டி நிரம்பிவிடும். எனவே இறுக்கிக் கட்டி, பல ஊர்களின் கட்டுகள் சேர்ந்த பிறகு அனுப்புவதே கட்டுப்படியாகும்.

எடுக்கத் தேவையில்லாத விரிப்புகள்

மண்ணிலேயே மக்கும் விரிப்பு ஒரு மாற்று. மாவுப்பொருளும் சிலவகை மக்கும் பாலியெஸ்டரும் கலந்த இவற்றை மண் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. ஐரோப்பாவின் 2018ஆம் ஆண்டுத் தரநிர்ணயம், 25 டிகிரி வெப்பமுள்ள மண்ணில் இரண்டாண்டுக்குள் 90 சதவீதம் மாறவேண்டும் என்கிறது. விலை சாதாரண ஷீட்டைவிட அதிகம். நீண்ட வறட்சியில் மண்ணில் ஈரமில்லாவிட்டால் மக்குவதும் மெதுவாகும். இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது, ஆக்சிஜனால் சிதைவது என்று விற்கப்படும் விரிப்பு. அது சாதாரண பாலிஎத்திலீனில் சிதைவூக்கி சேர்த்தது. கண்ணுக்குத் தெரியாத துகள்களாக நொறுங்குமே தவிர மக்குவதில்லை. வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி, எந்தத் தரநிர்ணயப்படி மண்ணில் மக்கும் என்று சான்று உள்ளது என்பதே.

கரும்புச் சோகை, வைக்கோல், நிலக்கடலைத் தொலி ஆகியவை பழைய மூடாக்குகள். சித்தூர் வெல்லத்துக்குக் கரும்பு விளையும் மாவட்டம் என்பதால் சோகை கிடைக்கும். களையைத் தடுக்க அது நல்ல கனத்தில் பரவவேண்டும்; பூச்சியை விலக்கும் வெள்ளி நிறத்தின் பயன் அதற்கு இல்லை. மா, கொய்யா போன்ற மரப்பயிர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். குறுகிய காலக் காய்கறியில் ஷீட்டைத் தொடர்பவர்கள் 25 மைக்ரானுக்குக் குறையாமல் வாங்கி, நெகிழ்ச்சி போவதற்குள் எடுத்து, உதறி, எடை போட்டுக் கொடுப்பதே இப்போதைக்கு நிலத்தைக் காக்கும் வழி.